சிம்ப்ளெக்ஸா, உட்புள்ளி முறையா: பெரிய கணக்கில் எதை ஓட்டுவது?

நேரிய திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் இரண்டு முறைகளைப் பற்றி ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது: சின்னக் கணக்குக்கு சிம்ப்ளெக்ஸ், பெரிய கணக்குக்கு உட்புள்ளி முறை. இதில் பாதிதான் சரி. பத்து லட்சம் மாறிகள் உள்ள கணக்கை சிம்ப்ளெக்ஸ் முந்திக்கொண்டு முடிப்பதும் உண்டு. ஒரு லட்சம் கட்டுப்பாடுகள் உள்ள கணக்கில் உட்புள்ளி முறை முதல் சுற்றுக்கே நினைவகம் போதாமல் விழுவதும் உண்டு. பார்க்க வேண்டியது அளவை அல்ல. கட்டுப்பாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன, விடை வந்தபின் அதை என்ன செய்யப் போகிறோம், இந்த இரண்டையும்தான். அது ஏன் என்று புரிய, முதலில் கையால் போடக்கூடிய ஒரு கணக்கு.

## இரண்டு ஆலை, ஒரு லாரி

லாரியில் 4 டன் ஏற்றலாம். இரண்டு அரிசி ஆலைகளில் ஆளுக்கு 3 டன் இருக்கிறது. முதல் ஆலையிலிருந்து x டன், இரண்டாவதிலிருந்து y டன் எடுக்கிறோம். மொத்த ஏற்றம் அதிகபட்சமாக வேண்டும்.

```
max  x + y
     x + y ≤ 4
     0 ≤ x ≤ 3
     0 ≤ y ≤ 3
```

விடை 4 என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது விடை அல்ல, அங்கே போகும் வழி. ஏற்புடைய பகுதியை வரைந்தால் ஒரு மூலை வெட்டப்பட்ட சதுரம் கிடைக்கும். அதன் ஐந்து மூலைகள் (0,0), (3,0), (3,1), (1,3), (0,3).

சிம்ப்ளெக்ஸ் (0,0)-இல் தொடங்குகிறது. x-ஐ ஏற்றினால் லாபம்; முதல் ஆலையின் சரக்கு தீரும்வரை ஏற்றி (3,0)-க்கு வருகிறது. அடுத்து y-ஐ ஏற்றுகிறது. லாரி நிரம்பும்போது (3,1)-இல் நிற்கிறது. இதற்கு மேல் எந்த ஓரத்தில் நகர்ந்தாலும் லாபம் இல்லை. இரண்டே நகர்வு, மதிப்பு 0, 3, 4. ஒவ்வொரு நகர்விலும் பகுதியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேதான் போனது என்பதைக் கவனியுங்கள்.

உட்புள்ளி முறை சுவரைத் தொடவே தொடாது. குறிக்கோளோடு ஒரு தண்டனையைச் சேர்த்துக்கொள்கிறது: ஒவ்வொரு சுவருக்கும் உள்ள தூரத்தின் மடக்கையை μ என்ற எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறது. சுவரை நெருங்க நெருங்க மடக்கை கழித்தல் முடிவிலியை நோக்கிச் சரியும் என்பதால் புள்ளி உள்ளேயே தள்ளி நிற்கும்.

```
x + y + μ [ ln x + ln y + ln(3−x) + ln(3−y) + ln(4−x−y) ]
```

இரண்டு ஆலைகளும் ஒரே மாதிரி இருப்பதால் x = y = t என்று வைக்கலாம். வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் ஒரே ஒரு சமன்பாடு மிஞ்சும்:

```
1/μ + 1/t = 1/(3−t) + 1/(4−2t)
```

μ மிகப் பெரிதாக இருந்தால் 1/μ மறைந்துபோய் t = 1 வரும். லாபத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், ஐந்து சுவர்களுக்கும் நடுவே நிற்கும் இடம் அது. μ = 1 என்றால் t சரியாக 1.5; போட்டுப் பாருங்கள், இருபுறமும் 5/3 வரும். பிறகு μ-வைப் பத்து பத்தாகச் சுருக்கினால்:

```
μ        t        ஏற்றம் 2t    5μ
1        1.500    3.000        5
0.1      1.948    3.895        0.5
0.01     1.995    3.990        0.05
```

கடைசிப் பத்தி ஓர் உத்தரவாதம்: உண்மையான விடைக்கும் நாம் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சுவர்களின் எண்ணிக்கை பெருக்கல் μ என்பதைத் தாண்டாது. இங்கே சுவர் ஐந்து, ஆகவே 5μ. இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. μ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், எட்டு தசம இடத் துல்லியம் கேட்டாலும் சுற்றுகள் கொஞ்சம்தான் கூடும். நடைமுறைச் சால்வர்கள் ஒவ்வொரு μ-வுக்கும் சமன்பாட்டை முழுதாகத் தீர்ப்பதில்லை. நியூட்டன் முறையில் ஓர் அடி வைத்துவிட்டு உடனே μ-வைக் குறைத்துவிடும். அப்படிப் போனாலும் பெரும்பாலான கணக்குகள் 20 முதல் 100 சுற்றுகளுக்குள் முடிந்துவிடுகின்றன. மாறிகள் ஆயிரமோ பத்து லட்சமோ, இந்த எண் பெரிதாக மாறுவதில்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சிம்ப்ளெக்ஸ் (3,1)-இல் நின்றது. உட்புள்ளி முறை (2,2)-ஐ நோக்கிப் போகிறது. இரண்டும் 4 டன்தான். (3,1)-க்கும் (1,3)-க்கும் இடைப்பட்ட ஓரம் முழுவதுமே விடை என்பதால் ஒன்று ஓரத்தின் முனையையும் மற்றது நடுவையும் எடுத்துக்கொண்டது.

## ஓர் அடிக்கு என்ன விலை

ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸைக் கொடுத்தார். 1972-இல் க்ளீ, மின்ட்டி இருவரும் நசுங்கிய கனசதுரம் ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். n மாறிகள் என்றால் டான்ட்சிக்கின் விதிப்படி 2ⁿ−1 நகர்வுகள் ஆகும். ஆனால் யாரும் தொழிலில் அந்தக் கனசதுரத்தைத் தீர்ப்பதில்லை. சாதாரணக் கணக்குகளில் நகர்வுகள் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைப்போல் சில மடங்குதான் ஆகின்றன. 1984-இல் பெல் லேப்ஸில் இருந்த நரேந்திர கர்மார்க்கர், உள்ளே நுழைந்து போகும் வழியும் நடைமுறைக்கு ஆகும் என்று காட்டியபிறகுதான் போட்டியே தொடங்கியது.

சிம்ப்ளெக்ஸின் ஓர் அடி மலிவு. இப்போது நிற்கும் மூலையைத் தீர்மானிக்கும் நிரல்களின் தொகுப்புக்குப் பேசிஸ் என்று பெயர்; அந்த அணியில் ஒரு நிரல் வெளியே, ஒரு நிரல் உள்ளே. அணியின் காரணிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பழையதைக் கொஞ்சம் திருத்தினால் போதும். அணியில் பெரும்பாலும் பூச்சியமே இருந்தால், நல்ல சால்வர் பூச்சியங்களைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அடிகள் போகும். சிக்கல், அப்படிப்பட்ட அடிகள் லட்சக்கணக்கில் தேவைப்படலாம்.

உட்புள்ளி முறையில் அடிகள் குறைவு, ஆனால் ஒவ்வோர் அடியும் கனம். கட்டுப்பாடுகளை `Ax = b` என்று எழுதினால், ஒவ்வொரு சுற்றிலும் `A D Aᵀ` என்ற அணியைச் சோலெஸ்கி முறையில் காரணிப்படுத்த வேண்டும். D என்பது மூலைவிட்ட அணி. சுற்றுக்குச் சுற்று மாறுவது அதன் எண்கள் மட்டுமே. பூச்சியங்கள் எங்கே இருக்கின்றன என்ற கோலம் மாறாது. அதனால் நிரைகளை எந்த வரிசையில் நீக்குவது என்ற திட்டத்தை முதலிலேயே ஒருமுறை போட்டுக்கொண்டால் கடைசிவரை அதுவே போதும். 1992-இல் மெஹ்ரோத்ரா கொடுத்த திருத்தம் இதையே இன்னும் கறந்தது: ஒருமுறை காரணிப்படுத்தியதை வைத்து முதலில் ஓர் உத்தேச அடி, பிறகு அதைத் திருத்திய அடி என இரண்டு முறை தீர்த்துக்கொள்வது. காரணிப்படுத்துவதுதான் விலை, அதன்பின் தீர்ப்பது கிட்டத்தட்ட இலவசம்.

ஆக, பெரிய கணக்கில் உட்புள்ளி முறை வேகமாக ஓடுமா என்ற கேள்வி கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது: `A Aᵀ` காரணிப்படும்போது எவ்வளவு நிரம்பும்?

## நிரம்பல்

`A Aᵀ` அணியில் நிரைக்கும் நிரலுக்கும் கட்டுப்பாடுகளே நிற்கின்றன. ஏதாவது ஒரு மாறி இரண்டு கட்டுப்பாடுகளிலும் வந்தால், அந்த இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் விழும். அவற்றை அறிமுகமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணிப்படுத்துவது என்பது கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியேறுவது. ஒருவர் வெளியேறும்போது அவருக்கு அறிமுகமான எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். ஊரெல்லாம் தெரிந்த ஆளை முதலில் வெளியே அனுப்பினால் ஊரே கைகுலுக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவரைக் கடைசிவரை உட்காரவைப்பதே வரிசைத் திட்டத்தின் வேலை.

விலையை எண்ணிப் பார்ப்போம். ஒரு லட்சம் கட்டுப்பாடுகள் இருக்கட்டும். காரணி முழுதாக நிரம்பிவிட்டால் அரை அணியில் 500 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் என்றால் 40 ஜிபி. ஒரு சுற்றுக்குச் செய்ய வேண்டிய செயல்கள் n³/3, அதாவது சுமார் 3.3 × 10¹⁴. நொடிக்கு 10¹¹ செயல் செய்யும் கணினியில் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய 55 நிமிடம். இதே ஒரு லட்சம் கட்டுப்பாடுகளில் காரணி ஒரு கோடி எண்களோடு நின்றுவிட்டால் 80 எம்பிதான். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடியும். அளவு ஒன்றே, பின்னல்தான் வேறு.

இதில் மாறிகளின் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை என்பதைப் பார்த்தீர்களா? அணியின் அளவைத் தீர்மானிப்பவை கட்டுப்பாடுகள். 40 கிடங்கு, 500 கடை உள்ள போக்குவரத்துக் கணக்கில் 20,000 வழிகள், அதாவது 20,000 மாறிகள் இருந்தாலும் காரணிப்படும் அணி 540-க்கு 540தான்.

எந்த மாதிரிக் கணக்கு நன்றாக அமையும்? பல காலகட்டத் திட்டங்கள் நல்ல உதாரணம். 52 வாரத் திட்டத்தில் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்தோடு கையிருப்பு வழியாக மட்டுமே பேசும். முதல் வாரத்துக் கட்டுப்பாடுகள் வெளியேறும்போது இரண்டாம் வாரத்தார் மட்டும் கைகுலுக்கினால் போதும். நிரம்பல் ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். சிம்ப்ளெக்ஸுக்கோ இதே கணக்கு தொல்லை. ஒரு வாரத்தில் செய்த மாற்றம் கையிருப்பு வழியாகப் பின்வாரங்களை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே போகும். நான் உட்புள்ளி முறையைத் தயங்காமல் எடுக்கும் இடம் இதுதான்.

கெடுப்பது எது? அடர்ந்த நிரல். ஒரே ஒரு மாறி 20,000 கட்டுப்பாடுகளில் வந்தால், அந்த 20,000 பேரும் முதல் நொடியிலேயே அறிமுகமாகிவிடுவார்கள்: அரை அணியில் 20 கோடி எண்கள், 1.6 ஜிபி, ஒரே மாறியால். ‘மொத்த முதலீடு’, ‘பொது விரிவாக்க அளவு’ என்று மாடல் எழுதுபவர் அழகுக்காகச் சேர்க்கும் மாறிகள் இப்படித்தான் வந்து உட்காரும். சால்வர்கள் ஓரளவு அடர்ந்த நிரல்களைத் தனியே பிரித்துக் கையாளும். துல்லியம் கொஞ்சம் அடிவாங்கும். கையால் செய்வதானால், அந்த மாறிக்கு வாரத்துக்கு ஒரு நகல் என்று வைத்து, முதல் நகல் = இரண்டாம் நகல், இரண்டாம் நகல் = மூன்றாம் நகல் என்று சங்கிலியாகக் கோத்துவிடலாம். கட்டுப்பாடுகள் கூடினாலும் நிரம்பல் குறையும். மறுபக்கம், எல்லா மாறிகளையும் கூட்டும் அடர்ந்த கட்டுப்பாடு ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஊரெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். கடைசியில் உட்காரவைத்தால் போதும்.

## உங்கள் கணக்கில் சோதிப்பது

முதலில் சால்வரின் முன்தயாரிப்பை ஓடவிடுங்கள். அது சுருக்கியபின் மிஞ்சும் கணக்கைத்தான் எடைபோட வேண்டும். Gurobi என்ற வணிகச் சால்வர் வைத்திருந்தால் `Method=2` கொடுத்துச் சில நொடிகள் மட்டும் ஓட்டி, முதல் சுற்றுக்கு முன் வரும் புள்ளிவிவரத்தில் மூன்று வரிகளைப் பாருங்கள்: `AA' NZ`, `Factor NZ`, `Factor Ops`. முதலாவது அறிமுகங்களின் எண்ணிக்கை, இரண்டாவது கைகுலுக்கல் எல்லாம் முடிந்தபின் உள்ளது. இரண்டாவது முதலாவதைப்போல் சில மடங்கு என்றால் நல்ல சகுனம். நூறு மடங்குக்கு மேல் தாவினால் `Dense cols` வரியைத் தேடுங்கள். `Factor NZ`-ஐ எட்டால் பெருக்கினால் குறைந்தபட்ச நினைவகம் பைட்டில் தெரிந்துவிடும்.

இலவச HiGHS-இல் இரண்டையும் ஒப்பிட:

```python
import highspy
h = highspy.Highs()
h.readModel("model.mps")
h.setOptionValue("solver", "ipm")   # பிறகு "simplex"
h.setOptionValue("run_crossover", "off")
h.run()
```

ஓர் எச்சரிக்கை. HiGHS-இல் நெடுங்காலமாக இருந்துவரும் IPX என்ற உட்புள்ளி நிரல் சோலெஸ்கியை நம்புவதில்லை. சமன்பாடுகளைத் தோராயமாக, திரும்பத் திரும்ப நெருங்கித் தீர்க்கிறது. நினைவகம் குறைவாகத் தின்னும், ஆனால் சில கணக்குகளில் இழுக்கும். அதில் மெதுவாக ஓடியதை வைத்து ‘என் கணக்குக்கு உட்புள்ளி முறை சரிவராது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சிம்ப்ளெக்ஸ் ஓடும்போது பதிவில் குறிக்கோள் மதிப்பைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான நகர்வுகள் போயும் எண் அசையவில்லை என்றால், ஒரே மூலையில் பேசிஸை மட்டும் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே புள்ளியில் தேவைக்கு அதிகமான சுவர்கள் வந்து முட்டும் கணக்குகளில், குறிப்பாகப் பணிமுறை ஒதுக்கீட்டில், இது சகஜம். சால்வர் எண்களைக் கொஞ்சம் கலைத்துப் பார்த்துத் தப்பிக்க முயலும். அப்படியும் நகராவிட்டால் உட்புள்ளி முறைக்கு மாறுவதே மேல். அது மூலைக்குப் போகாததால் அங்கிருக்கும் கூட்டம் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

உட்புள்ளி முறை தடுமாறுவதற்கு அடையாளம் வேறு. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஆனால் கட்டுப்பாடு மீறலைக் காட்டும் எண் ஓரிடத்தில் நின்றுவிடும், அல்லது திரும்ப ஏறும். கடைசிச் சுற்றுகளில் D-யின் சில எண்கள் பிரம்மாண்டமாகவும் சில துகளாகவும் ஆகிவிடுவதால் கணக்கின் துல்லியம் கரைகிறது. பெரும்பாலும் குற்றவாளி மாடல்தான்: ஒரே கட்டுப்பாட்டில் கோடிக்கணக்கான ரூபாயும் கிராமும் சேர்ந்து வருவது, ‘வரம்பே இல்லை’ என்று சொல்ல 10⁹ போட்டுவைப்பது. அலகுகளை மாற்றி எழுதினால் பலமுறை சரியாகிவிடும்.

## விடை வந்தபின் தின்னும் நேரம்

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இது. ஒரு விநியோகத் திட்டத்தில் உட்புள்ளிச் சுற்றுகள் சில நிமிடத்தில் முடிந்துவிட்டன. திரையில் `PPushes remaining` என்ற வரி மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கிராஸ்ஓவர். (2,2)-இல் நிற்பதை (3,1)-க்கோ (1,3)-க்கோ தள்ளிக்கொண்டு போகும் வேலை. விடையாகும் பகுதி பெரிதாக இருந்தால் நடுவில் மிதக்கும் மாறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் சுவர்வரை தள்ள வேண்டும்.

ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டியது: எனக்கு மூலை தேவையா? மொத்தச் செலவு மட்டும் போதும் என்றால் `run_crossover` `off`, Gurobi-யில் `Crossover=0`. ஒரு கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் குறிக்கோள் எவ்வளவு மாறும் என்று சொல்லும் நிழல் விலைக்கும் பெரும்பாலும் அதுவே போதும், ஆனால் நிழல் விலைகளுக்கே பல விடைகள் இருந்தால் கிடைப்பது அவற்றின் நடுப்புள்ளி. லாரி ஓட்டுநரிடம் கொடுக்கும் பட்டியல் என்றால் மூலை வேண்டும். 40 கிடங்கு, 500 கடைக் கணக்கில் மூலை விடை அதிகபட்சம் 40 + 500 − 1 = 539 வழிகளைத்தான் பயன்படுத்தும். நடுப்புள்ளி விடையோ சமவிலை வழிகளில் எல்லாம் சரக்கைத் தூவிவிடும், கூடவே 0.0000003 டன் ஏற்றச் சொல்லும் வரிகளும் வரும். அதை அச்சடித்து நீட்டினால் கிடங்கில் இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஒரே நேரத்தில் இரண்டு முறைகளையும் தனித்தனி இழைகளில் ஓட்டி முந்தியதை எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, Gurobi-யில் `Method=3`. ஒருமுறை மட்டும் தீர்க்கும் கணக்குக்கு நல்ல ஏற்பாடு. நினைவகம் நெருக்கடியாக இருந்தால் மட்டும் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

## திரும்பத் திரும்பத் தீர்ப்பதானால்

முதல் ஆலையில் இயந்திரம் பழுது. 3 டன்னுக்குப் பதில் அரை டன்தான் கிடைக்கும் என்று தகவல் வருகிறது. x ≤ 0.5.

சிம்ப்ளெக்ஸின் கையில் (3,1) என்ற மூலையும் அதன் பேசிஸும் இருக்கின்றன. x-ஐ 0.5-க்கு இறக்கினால் லாரியை நிரப்ப y = 3.5 ஆக வேண்டும்; இரண்டாவது ஆலையில் 3தான் உண்டு. இப்படி மீறப்பட்ட வரம்புகளைச் சரிசெய்துகொண்டே போகும் சிம்ப்ளெக்ஸ் வகைதான் இணை சிம்ப்ளெக்ஸ்; அது y-ஐ 3-இல் நிறுத்தி, லாரியில் அரை டன் காலியிடம் விடுகிறது. (0.5, 3), ஏற்றம் 3.5. ஒரே நகர்வில் வேலை முடிந்தது.

உட்புள்ளி முறையிடம் (2,2) இருக்கிறது. அது புதிய சுவருக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே தள்ளிவிட்டாலும் பயனில்லை. பழைய விடை லாரிச் சுவரோடு ஒட்டிக்கிடப்பதால் அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அடி சில மில்லிமீட்டரிலேயே தடுக்கும். மையத்துக்குத் திரும்பிவந்து, μ-வைப் பெரிதாக்கி, மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும். கணக்கு கொஞ்சம் மாறினாலும் முழு விலையும் கொடுத்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

மாறிகள் முழு எண்ணாகவே வர வேண்டிய கணக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அவற்றைக் கிளை கிளையாகப் பிரித்துத் தேடும்போது ஒவ்வொரு கிளைக்கணுவிலும் மாறுவது ஒரே மாறியின் வரம்பு, மேலே ஆலையில் நடந்ததைப்போலவே. அப்படிப் பல்லாயிரம் கணுக்கள். அதனால் வேர்க்கணுவில் `Method=2`, கிராஸ்ஓவரை அணைக்காமல். கணுக்கள் அந்த மூலையிலிருந்துதான் புறப்பட வேண்டும். கீழே உள்ள கணுக்களுக்கு `NodeMethod=1`, அதாவது இணை சிம்ப்ளெக்ஸ். வேர்க்கணுவே பாதி நாளை எடுத்துக்கொள்கிறது என்றால், கணுக்களைத் தொடுவதற்கு முன் `Factor NZ` வரிக்குத் திரும்பிப் போங்கள்.